ஒரு பிள்ளைக்கு நாலு தேதி

நான் பிறக்கப்போகும் நாளை ஆயா குறித்தது மாசி மகத்தை வைத்து. மகத்துக்கு முந்தின வாரம் அம்மா வீட்டு விலக்கு. ஆக, கார்த்திகை தீபத்துக்கு முன்னே பின்னே. டாக்டர்கள் சொல்லும் 280 நாளுக்கு ஏறக்குறைய சரியான கணக்குதான். "முன்னே பின்னே"யில் எத்தனை வாரம் அடங்கும் என்று ராயபுரத்தில் யாரும் கேட்கவில்லை.

தம்பி மனைவிக்கு 2023-இல் கணக்கு மில்லிமீட்டரில் வந்தது. கடைசி விலக்கு ஜனவரி 10. அதன்படி பிரசவம் அக்டோபர் 17. மார்ச் 24-ஆம் தேதி ஸ்கேன் எடுத்தபோது கரு 73 நாள், அதாவது பத்து வாரம் தாண்டியிருக்க வேண்டும். உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரை அளந்தால் 23 மில்லிமீட்டர்தான். ஒன்பது வார அளவு. கால்களைச் சேர்ப்பதில்லை. கரு குனிந்திருந்தால் நீளம் குறைந்துவிடும் என்று, நேராகும் வரை காத்திருந்து மூன்று முறை அளந்தார் டாக்டர்.

பத்து நாள் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? 280 நாள் கணக்கு, 28 நாளுக்கொரு முறை விலக்காகும் பெண்ணுக்கானது. இவளுக்கு 38 நாள் ஆகும். கருத்தரித்ததே தாமதம். முதல் மூன்று மாதத்தில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால் நீளத்தை வைத்தே வயதைச் சொல்லலாம். கிளாஸ்கோவில் ஹ்யூ ராபின்சன் 1973-இல் காட்டிய வழி இது. ஒன்பது வாரத்துக்கு மேல் இரண்டு கணக்கும் ஏழு நாளுக்கு அதிகமாக விலகினால் ஸ்கேன் தேதிதான் செல்லும். ஆகவே அக்டோபர் 27. பழைய தேதியே நின்றிருந்தால், நாள் தாண்டிவிட்டது என்று பத்து நாள் முன்கூட்டியே வலி வரவழைத்திருப்பார்கள்.

அம்மா 27-ஐக் காலண்டரில் வட்டமிட்டு, நட்சத்திரமும் பார்த்துவிட்டாள். அந்தத் தேதியிலேயே ஐந்தாறு நாள் முன்பின் உண்டு, சொன்ன நாளில் பிறப்பது இருபதில் ஒன்றுதான் என்றேன். "மிஷின் சொல்லுதுடா" என்றாள்.

செப்டம்பர் ஸ்கேனில் அதே மிஷின் நவம்பர் 8 என்று அச்சடித்தது. அம்மா அதற்கும் நட்சத்திரம் பார்க்கக் கிளம்பினாள். டாக்டர் பேனாவால் அடித்துவிட்டார்: "தேதி மாறலைம்மா. புள்ள கொஞ்சம் சின்னதா இருக்கு." எட்டாம் மாதத்தில் ஒரு பிள்ளை பெரிது, ஒன்று சிறிது. அதனால் தலை, வயிறு, தொடை எலும்பை வைத்து வயது சொன்னால் மூன்று வாரம்வரை தவறலாம். அதைவிட, தேதியைத் தள்ளிப் போட்டால் சவலைப் பிள்ளையும் ஏட்டில் சரியான எடையாகிவிடும். அதனால்தான் முதல் ஸ்கேன் தேதியை விடாமல், தொப்புள் கொடியின் ரத்த ஓட்டம் பார்க்க இரண்டு வாரத்தில் வரச் சொன்னார்.

போனோம். ஓட்டம் நன்றாக இருந்தது, எடையும் ஏறியிருந்தது. மிஷின் நாலாவதாக ஒரு தேதி கொடுத்தது. அம்மா அதையும் வட்டமிட்டுக்கொண்டாள்.