நூற்றைம்பது ரூபாய் இரவு

பெறுநர்: சம்பளப் பிரிவு, தரைத்தளம், பில்லிங் கவுண்ட்டருக்குப் பின்புறம்.
அனுப்புநர்: ஸ்டாஃப் நர்ஸ், ஆண்கள் மெடிக்கல் வார்டு, மூன்றாம் மாடி.
பொருள்: இரவுப் படி சம்பளமா, இல்லையா என்று தெரிவிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

ஆகஸ்ட் 2025-க்கான பே ஸ்லிப் கிடைத்தது. அதைத் தயாரிக்க நீங்கள் பட்ட பாட்டுக்கு முதலில் நன்றி. ஓர் இரவை ஒரே தாளில் இத்தனை இடத்தில் தோன்றவும் மறையவும் வைப்பது சாமானியர்களால் ஆகிற காரியமல்ல.

ஸ்லிப்பில் உள்ளபடி, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 14,000. வீட்டு வாடகைப் படி 5,000. இந்த 19,000-ஐ மாதாமாதம் வரும் சம்பளம் என்கிறீர்கள். அதற்குக் கீழே ஷிஃப்ட் அலவன்ஸ் 500. ஒரு நாள்கூட எல்.ஓ.பி. விழாமல் எல்லா ஷிஃப்டும் பார்த்தால்தான் அது உண்டு. கடைசியில் நைட் அலவன்ஸ், இரவுக்கு 150 வீதம் எட்டு இரவுக்கு 1,200. ஆக மொத்தம் 20,700. கூட்டலில் பிழையில்லை. என் சந்தேகமெல்லாம் அந்த 150 ரூபாயின் சுபாவத்தைப் பற்றியது.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது அது சம்பளம்தான். நர்சிங் கல்லூரி வாசலில் நம் மருத்துவமனை ஒட்டியிருக்கும் நோட்டீஸில் ‘மாதம் 21,000’ என்று இருக்கிறது. எப்படி 21,000 என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 19,000, ஷிஃப்ட் அலவன்ஸ் 500, அதோடு பத்து நைட்டுக்கு 1,500. அதாவது, இன்னும் கல்லூரியே முடிக்காத ஒரு பெண் விழிக்கப்போகும் பத்து இரவுகளை முன்கூட்டியே அவள் சம்பளத்தில் சேர்த்துவிட்டீர்கள்.

அந்தப் பெண்ணே வேலைக்குச் சேர்ந்து, வங்கிக் கடனுக்காகச் சம்பளச் சான்றிதழ் கேட்டு வந்தால் 19,000 என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். நைட் அலவன்ஸ் எங்கே சார் என்றால், “அது நிரந்தரம் இல்லம்மா” என்று பதில். ரோஸ்டரைப் பார்த்தால் நைட் டியூட்டியை விட நிரந்தரமானது இந்தக் கட்டடத்தில் வேறெதுவும் இல்லை. லிஃப்ட்கூட அவ்வப்போது ஓய்வெடுத்துக்கொள்கிறது.

பி.எஃப். பிடிக்கும்போதும் அது சம்பளமில்லை. 14,000-க்கு மட்டும் 12 சதவீதம் என்று 1,680 பிடித்து, அதே அளவு நீங்களும் போடுகிறீர்கள். இ.எஸ்.ஐ. பிடிக்கும்போது மறுபடியும் சம்பளமாகிவிடுகிறது. 20,700 முழுவதற்கும் 0.75 சதவீதம் கணக்கிட்டு, 156 ரூபாய் போய்விட்டது. இ.எஸ்.ஐ.யைக் குறை சொல்லவில்லை. நான் நோயில் படுத்தால் சராசரி நாள் ஊதியத்தில் 70 சதவீதம் தரும்போது, அந்தச் சராசரியில் என் இரவுகளையும் சேர்த்துத்தான் தருகிறது. எடுத்த இடத்தில் திருப்பிக் கொடுக்கிற நேர்மை அது. அதே இரவுகள் கிராஜுவிட்டி கணக்கில் காணாமல் போகின்றன. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஒரு வருடச் சேவைக்கு இவ்வளவு என்று தருவது வழக்கம். 14,000-க்கு அது 8,077 ரூபாய். ஷிஃப்ட், நைட் அலவன்ஸுகளைச் சேர்த்து 15,700 என்று வைத்தால் 9,058. வருடத்துக்கு 981 ரூபாய் வித்தியாசம். பத்து வருடம் பார்த்தவருக்கு ஒன்பதாயிரத்து எண்ணூறு.

பி.எஃப். விஷயத்தில் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரேபோல் தருகிற படிகளை அடிப்படைச் சம்பளமாகவே கொள்ள வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடுதல் வேலையோடு கட்டிவைத்த, ஆளுக்கு ஆள் மாறும் தொகைகளை அது அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஊதியம் என்பதற்கு இனி ஒரே விளக்கம். எதெல்லாம் ஊதியமில்லை என்று ஒரு பட்டியலும் அதில் இருக்கிறது: வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி, ஓவர்டைம், கமிஷன் என்று வரிசையாக. இரவுப் படி என்று ஒரு பெயர் அந்த வரிசையில் இல்லை. வேலையின் தன்மையால் வரும் தனிச் செலவை ஈடுகட்டத் தரும் தொகை ஊதியமாகாது என்று மட்டும் ஓரிடத்தில் இருக்கிறது. நீங்கள் அந்த வாசல் வழியாகத்தான் நுழைவீர்கள் என்று எங்கள் இன்சார்ஜ் அக்கா சொல்கிறார். அப்படியானால் இரவு எனக்கு வைக்கும் தனிச் செலவு என்ன என்று விவரம் கேட்பீர்கள். அதிகாலை நான்கு மணி டீ ஒன்றுதான் அதற்கு என்னிடம் இருக்கும் பில்.

அடுத்து, ஆகஸ்ட் 25-ஆம் தேதி இரவைப் பற்றி. நான் பார்த்தது ஒன்பது நைட், ஸ்லிப்பில் வந்தது எட்டு. நம் சம்பள மாதம் 26-ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 25-ஆம் தேதி முடிகிறது. நைட் டியூட்டி இரவு எட்டு முதல் காலை எட்டு வரை. 25-ஆம் தேதி இரவு எட்டுக்கு முன்பே விரல் வைத்துவிட்டேன். காலையில் ஹேண்ட் ஓவர் கொடுத்து, டிரிப் தீர்ந்துபோன பெட்டைக் காட்டி, சர்க்கரை இறங்கியவரின் கதையைச் சொல்லிவிட்டு, 26-ஆம் தேதி எட்டே முக்காலுக்கு மறுபடி விரல் வைத்தேன். ஆகஸ்ட் கணக்கைப் பார்த்த மெஷின், இவள் உள்ளே வந்தாள், வெளியே போகவில்லை என்றது. செப்டம்பர் கணக்கைப் பார்த்த அதே மெஷின், இவள் வெளியே போனாள், உள்ளே வரவே இல்லை என்றது. இரண்டு மாதத்துக்கும் நடுவில் பன்னிரண்டு மணி நேரம் நான் எங்கே இருந்தேன் என்பதற்கு நோயாளிகளின் சார்ட்டில் மணிக்கொரு முறை நான் எழுதிய வைட்டல்ஸும் கையெழுத்தும்தான் சாட்சி. இன்சார்ஜ் கையெழுத்திட்ட படிவம் கொடுத்த பிறகு அன்றைய வருகையை ஒப்புக்கொண்டீர்கள். 150-ஐ மட்டும், மாதக் கணக்கை முடித்துவிட்டதால் இனித் திறக்க முடியாது என்றீர்கள். ஒவ்வொரு மாதமும் 25-ஆம் தேதி நைட்டில் யாராவது இருந்தே தீர வேண்டும். ரோஸ்டர் போடும்போது எல்லோரும் அந்த ஒரு தேதியைக் கண்டால் ஏன் பின்வாங்குகிறார்கள் என்று மேட்ரன் குழம்புகிறார். காரணத்தை நீங்களே அவருக்குச் சொல்லிவிட்டால் உதவியாக இருக்கும்.

தொகை போதவில்லை என்று முனகுவதற்கு முன், மற்ற இடங்களில் என்னதான் தருகிறார்கள் என்று விசாரித்தேன். மத்திய அரசு 2020 ஜூலையில் போட்ட உத்தரவு ஒன்று உண்டு. இரவு பத்து முதல் காலை ஆறு வரை செய்யும் வேலையில் மணிக்குப் பத்து நிமிடம் கூடுதலாகக் கணக்கிட வேண்டும். அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி 200-ஆல் வகுத்தால் மணிக்கூலி. ஆவலோடு என் 14,000-ஐப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 70 ரூபாய், எட்டு மணி நேரத்துக்கு 80 நிமிடம் கூடுதல், ஆக இரவுக்கு 93 ரூபாய் சொச்சம். உங்கள் 150 அதைவிட மேல்! வாழ்த்துகள். அடிமட்டம் இவ்வளவு தாழ்வாக இருந்தால் எந்தச் சூத்திரத்தாலும் உயர்த்த முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த உத்தரவுக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு, அடிப்படைச் சம்பளம் 43,600. மத்திய அரசு மருத்துவமனையில் நர்சிங் ஆபீசர் முதல் நாள் வாங்கும் அடிப்படைச் சம்பளமே 44,900. சூத்திரம் வார்டு வாசல் வரை வந்து, செருப்பைக் கழற்றும் முன் திரும்பிப் போய்விடுகிறது.

என்னோடு படித்தவள் இங்கிலாந்தில் அரசு மருத்துவமனையில் இருக்கிறாள். அங்கே இரவுக்குத் தனித் தொகை இல்லை. வழக்கமான மணிக்கூலியோடு வார நாள் இரவுக்கும் சனிக்கிழமைக்கும் 30 சதவீதம், ஞாயிறுக்கும் பொது விடுமுறைக்கும் 60 சதவீதம் சேர்க்கிறார்கள். அதைக் கேட்டதும் பொறாமையில் நம் பழைய ஸ்லிப்புகளை எடுத்தேன். அதில் கிடைத்த செய்தியை உங்கள் நிர்வாகக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். 2018-இல் நான் சேர்ந்தபோது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 9,500. மாதம் 26 நாள், நாளுக்கு எட்டு மணி என்று வகுத்தால் பன்னிரண்டு மணி நேரக் கூலி 548 ரூபாய். அப்போதும் நைட்டுக்கு 150. கிட்டத்தட்ட 27 சதவீதம்! யாருக்கும் தெரியாமல் நாம் லண்டன் அருகே நின்றிருக்கிறோம். இன்று அது 14,000 ஆகி, அதே பன்னிரண்டு மணி நேரத்துக்கு 808 ரூபாய் ஆகிவிட்டது. 150 மட்டும் 150-ஆகவே நிற்கிறது. 19 சதவீதம்கூட இல்லை. எனக்கு ஒவ்வொரு முறை இன்கிரிமென்ட் போட்டபோதும் என் இரவின் விலையைச் சத்தமில்லாமல் குறைத்திருக்கிறீர்கள். தொகையைத் தொடாமலே வெட்டுகிற இந்த வித்தையை எங்கள் சர்ஜன்களுக்கும் கற்றுக்கொடுங்கள்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது மூன்றே மூன்று. இரவு எந்தத் தேதியில் தொடங்குகிறதோ அந்தத் தேதிக்கே முழு இரவையும் எழுதுங்கள். விரல் மெஷினில் ஒரு செட்டிங்கை மாற்றினால் போதும். 150-ஐ எடுத்துவிட்டு மணிக்கூலியில் 30 சதவீதம் என்று வையுங்கள். இன்றைய கணக்கில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 242 ரூபாய் வரும், அடுத்த இன்கிரிமென்ட்டில் தானாக ஏறும், நீங்கள் கூட்டம் போட்டு யோசிக்க வேண்டிய சிரமம் இராது. மூன்றாவது, நோட்டீஸில் இரவைச் சம்பளமாகக் காட்டினால் பி.எஃப்.-இலும் கிராஜுவிட்டியிலும் சம்பளமாகக் காட்டுங்கள். பி.எஃப். கட்டாயம் 15,000 வரைதான் என்பதால், என் விஷயத்தில் மாதம் உங்களுக்கு ஆகும் கூடுதல் செலவு 120 ரூபாய். ஒரு நைட் அலவன்ஸைவிடக் குறைவு.

இதைப் பற்றி நேரில் பேச விரும்பினால் மூன்றாம் மாடிக்கு வரலாம். இரவு இரண்டு மணிக்கு மேல் வந்தால் கொஞ்சம் நின்று பேச முடியும். அப்படி வருகிறவருக்கு இரவுப் படி உண்டா, அது எந்த மாதத்தில் சேரும் என்பதை மட்டும் முன்கூட்டியே உங்கள் பிரிவில் எழுத்து மூலம் வாங்கிக்கொண்டு வரவும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
நைட் டியூட்டி ஸ்டாஃப் நர்ஸ்