நேர்மை அண்ணன்

“நேர்மையாச் சொல்லிடறேன்” என்ற வார்த்தை இல்லாமல் அண்ணனால் ஒரு பதிவும் போடமுடியாது. பாலக்கோடு தக்காளி மண்டிக்கு ஒரு செயலி கட்டிக்கொண்டிருக்கிறார். முதல் இன்ஜினியர் வேண்டும். சம்பளம் மாதம் 30,000; பெங்களூரில் இதைவிட அதிகம் கிடைக்கும், நேர்மையாச் சொல்லிடறேன். அலுவலகம் மாமாவின் உரக்கடை மாடி; வெயில் காலத்தில் உட்காரமுடியாது, நேர்மையாச் சொல்லிடறேன். விடியற்காலையில் மண்டிக்குப் போய், தராசோடு பேச மறுக்கும் போனையும் பார்க்கவேண்டும். விலை விழுந்து தக்காளியைச் சாலையோரம் கொட்டுகிற வாரத்தில் செயலியை ஒருத்தரும் திறக்கமாட்டார்கள். அதையும் நேர்மையாச் சொல்லிடறேன்.

2024 நவம்பரில் சொமேட்டோவின் தீபிந்தர் கோயல், தமக்கு வலதுகையாக இருக்க ஆள் தேடி ஒரு பதிவு போட்டார். முதல் வருடம் சம்பளம் கிடையாது, வருகிறவர்தான் 20 லட்சம் நன்கொடை தரவேண்டும் என்றார். விண்ணப்பங்கள் குவிந்தபிறகு, பணம் கேட்டது ஆளை வடிகட்டத்தான், வாங்கப்போவதில்லை என்றார். அண்ணனுக்கு அந்தக் கதை மனப்பாடம். “நான் அப்படியெல்லாம் விளையாடலப்பா” என்பார்.

உண்மைதான், விளையாடவில்லை. குறைந்த சம்பளத்துக்கு ஈடாக ஒரு சதவீதப் பங்கு என்றும் பதிவிலேயே போட்டிருக்கிறார். நாலு வருடத்தில் முழுசாக வரும். வருடத்துக்குக் கால் சதவீதம். கம்பெனிச் சட்ட விதிப்படி, இப்படிப் பங்கு தருவதாக எழுதிக்கொடுத்த நாளுக்கும் அதில் முதல் துளி ஊழியருக்கு உரிமையாகும் நாளுக்கும் நடுவே குறைந்தது ஒரு வருடம் கழியவேண்டும். பதினோராம் மாதம் வேலை போனால் கையில் ஒன்றும் இருக்காது.

செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் படித்த பையன் ஒருவன் வந்தான். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “அண்ணா, பேங்க்ல எவ்வளவு இருக்கு?” என்றான்.

அண்ணன் முதல்முறையாகத் தண்ணீர் குடித்தார். “அஞ்சு லட்சம், தம்பி.”

“என் சம்பளம் முப்பது. சர்வர், பெட்ரோல், ஆடிட்டர்?”

“இருபது வெச்சுக்கோ.”

மாதம் ஐம்பதாயிரம். பத்து மாதத்தில் பணம் தீரும், பன்னிரண்டாம் மாதத்தில் பங்கு பிறக்கும். பையன் சத்தமாகக் கணக்குப் போடவில்லை, மரியாதை தெரிந்தவன்.

அண்ணன் ஏமாற்றுக்காரர் அல்ல. இதுவரை தமக்கென்று ஒரு ரூபாய் சம்பளம் எடுத்ததில்லை. வீடு ஓடுவது மனைவியின் டீச்சர் சம்பளத்தில். சர்வர் பில் கட்ட மோதிரத்தை அடகு வைத்தவர். ஆனால் வெயிலையும் தக்காளி விலையையும் பற்றி நேர்மையாக இருப்பதில் அவருக்கு என்ன நஷ்டம்? பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வருகிறவனுக்குத் தெரியவேண்டியது, எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்ற ஒரே எண். பத்தி பத்தியாக எழுதுகிறவர் அதை மட்டும் கேட்டால்தான் சொல்வேன் என்பது என்ன நியாயம்? கேட்கத் தெரியாத பையன் என்ன செய்வான்?

“பதிவுல சேர்த்துடறேன் தம்பி” என்று அண்ணன் வாக்குக் கொடுத்தார். அன்று சாயங்காலமே ஒரு வரி சேர்ந்தது: கழிப்பறை கீழ்த்தளத்தில், குழாயில் தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும்.