ஷிப்ட் மாறுது, என்ன பேசலாம்?

கே: அடுத்த மாதத்திலிருந்து எங்கள் ஆலையில் புது ஷிப்ட். மூன்று குழு நான்காகிறது. இரண்டு நாள் ஏ, இரண்டு நாள் பி, இரண்டு நாள் சி, பிறகு இரண்டு நாள் லீவு. காலை 6 மணிக் கூட்டத்தில் நான்தான் அறிவிக்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது? (ஆலை மேலாளர், ஓசூர்)

ப: 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். எதிலோ கை வைக்கப்போகிறார்கள் என்று உடனே உஷாராகிவிடுவார்கள். உங்கள் முன்னால் நிற்பவர்களில் பாதிப் பேர் ராத்திரி முழுக்கக் கண்விழித்தவர்கள். கண் உங்கள் மேல், மனசு கம்பெனி பஸ் மேல். மூன்று நிமிடத்தில் முடியுங்கள். இப்படிப் பேசிப் பாருங்களேன்:

"எல்லாருக்கும் வணக்கம். வர்ற 1-ஆம் தேதியிலேருந்து ஷிப்ட் மாறுது. முதல் குழுவை எடுத்துக்குங்க. 1, 2 தேதி ஏ ஷிப்ட். 3, 4 பி. 5, 6 ராத்திரி சி. 7-ஆம் தேதி காலைல 6 மணிக்குக் கிளம்பினா, 9-ஆம் தேதி காலைல 6 மணிக்கு வந்தாப் போதும். 48 மணி நேரம் உங்களுது. அதுல முதல் பாதி நாள் தூக்கத்துல போயிடும், அதையும் நானே சொல்லிடறேன். ஞாயிறு லீவு எட்டு வாரத்துல ரெண்டு தடவைதான் வரும். சனியும் ஞாயிறும் சேர்ந்து வர்றது ஒரே தடவை. ஞாயித்துக்கிழமை ஓ.டி. இனி இல்லை. அதுக்குப் பதிலா என்னன்னு யூனியனோட பேசிட்டிருக்கோம், முடிவானதும் எழுத்துல ஒட்டுவோம். நாலு குழுவோட அட்டவணையும் டைம் ஆபீஸ் வாசல்ல இருக்கு. மத்தியானம் 1 மணிக்கு கேண்டீன்ல இருப்பேன், கேளுங்க."

கசப்பை நீங்களே சொல்லிவிட்டால் பஸ்ஸில் பேச ஒரு விஷயம் குறைகிறது. அதே பேச்சை 2 மணிக்கும் ராத்திரி 10 மணிக்கும் பேசுங்கள். இல்லாவிட்டால் பி ஷிப்ட்காரர் டீக்கடையில்தான் கேள்விப்படுவார். அங்கே கதை கை, கால் முளைத்துத்தான் கிளம்பும்.

கே: வேலை நேரம் குறைகிறது என்கிறார் மேனேஜர். அப்புறம் ஏன் எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்? (ராணிப்பேட்டை)

ப: குறைவது நிஜம். வாரத்துக்கு 168 மணி நேரம். நான்கு குழுவுக்குப் பிரித்தால் சராசரி 42. முன்பு 48. ஆனால் மாதம் இரண்டு ஞாயிறு ஓ.டி. பார்த்தவருக்கு அந்த 16 மணி நேரம் இரட்டைக் கணக்கில் 32 மணி நேரச் சம்பளம், அதாவது நான்கு நாள் கூலி. அதை நம்பித்தான் வண்டிக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பார். அவரிடம் 'ஓய்வு உடம்புக்கு நல்லது' என்று சொன்னால் எரிச்சல்தான் வரும்.

கே: ஏ, பி, சி என்று முன்னால் போனால் என்ன, சி, பி, ஏ என்று பின்னால் வந்தால் என்ன? எட்டு மணி நேரம் எட்டு மணி நேரம்தானே? (ஶ்ரீபெரும்புதூர்)

ப: இல்லை. இரவு 10 மணிக்கு பி முடித்தவர் மறுநாள் இரவு 10-க்கு சி வந்தால் நடுவே 24 மணி நேரம் கிடைக்கிறது. காலை 6 மணிக்கு சி முடித்தவரை அன்றைக்கே பகல் 2 மணிக்கு பி-க்கு வரச் சொன்னால் எட்டே மணி நேரம். அதில் பஸ், குளியல், சாப்பாடு, தெரு மைக் செட் எல்லாம் போக மிச்சம்தான் தூக்கம். தவிர, மனித உடம்பின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். தள்ளிப் படுக்கச் சொன்னால் கேட்கும், முன்கூட்டிப் படுக்கச் சொன்னால் முரண்டு பிடிக்கும்.

கே: இன்று அறிவித்து நாளைக்கே அமல்படுத்தலாமா? (கும்மிடிப்பூண்டி)

ப: நிலையாணையில் இல்லாத ஷிப்ட் மாற்றம் என்றால் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு சொன்னது அது. 2020-இல் நிறைவேறிய தொழிலுறவுத் தொகுப்பிலும் அதே 21 நாள். சட்டத்தின் பெயர் மாறியது, கணக்கு மாறவில்லை.

கே: பேசி முடித்ததும் 'ஏதாவது கேள்வி உண்டா?' என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சம்மதம்தானே? (ஓர் உற்பத்தி மேலாளர்)

ப: மேடையில் நீங்கள், பக்கத்தில் ஹெச்.ஆர்., கையில் மைக். யார் கேட்பார்? டைம் ஆபீஸில் விசாரியுங்கள். முதல் ஞாயிறுக்கு லீவு எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று சொல்வார்கள்.

கே: என் வீட்டுக்காரருக்கு இந்தப் புது ஷிப்ட்தான், முதல் குழு. தங்கை கல்யாணம் அதே மாதம் 15-ஆம் தேதியா, 16-ஆம் தேதியா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். எதற்குச் சம்மதிக்கட்டும்? (ஒரு இல்லத்தரசி, ஓசூர்)

ப: எட்டின் மடங்கும் அதற்கு முந்தின நாளும் அவருக்கு லீவு. அதனால் இரண்டு தேதியும் சரிதான். ஆனால் 15-ஆம் தேதி காலை 6 மணிக்குத்தான் அவர் சி ஷிப்டிலிருந்து வெளியே வருவார்; மாமா சடங்கில் நின்றுகொண்டே தூங்குவார். 16 என்று சொல்லிவிடுங்கள்.