பசுவுக்கு முன்னே பொங்கிய பால்

கேள்வி: எங்கள் கிரகப்பிரவேச வீடியோவில் பசு வாசலுக்கு வரும் முன்பே அடுப்பில் பால் பொங்குகிறதே, எப்படி?

பதில்: பால் பாக்கெட்டில் வந்திருக்கும்! விஷயம் இதுதான்: இரண்டு கேமராக்களின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. எடிட்டர் நேரத்தை நம்பி அடுக்கிவிட்டார். இரண்டிலும் பதிவான கெட்டிமேளத்தின் முதல் தவில் அடியை ஒன்றாகப் பொருத்தினால் வரிசை சரியாகிவிடும். பசு, ஹோமம், பூர்ணாகுதி, பால் என்பது பொதுவான வரிசை. வீட்டுக்கு வீடு மாறும், சாஸ்திரிகளைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஹோமத்தைச் சுருக்கலாம், ஆனால் 'ஸ்வாஹா' முடிந்த பிறகே வெட்ட வேண்டும். மந்திரத்தின் மேல் சினிமாப் பாட்டு வேண்டாம். பால் பொங்கி வழியும்வரை கத்தரியைத் தொடவே கூடாது. மாமாக்கள் சாப்பிடும் காட்சியில் தாராளமாக வெட்டலாம்.