அம்மன் சர்வே நம்பர் சொன்னாளா?

வா மாப்ள, உக்காரு. திண்டிவனத்துலேர்ந்து பஸ் ஏறி இதுக்கா வந்தே? கனவுல ஒரு கோயில், உள்ள அம்மன், ‘வேப்பமரத்தடியில எனக்கு ஒரு கூரை போடு’ன்னு சொன்னாளா? மரம் நிக்கறது புறம்போக்கு. பக்கத்துல உன் டீக்கடை. அம்மனுக்கு நல்லாவே இடம் பாக்கத் தெரிஞ்சிருக்கு.

நம்ம பனமலைக் கோயிலக் கட்டினானே ராஜசிம்ம பல்லவன், அவன் சமாசாரம் கேளு. காஞ்சியில கைலாசநாதர் கோயிலக் கட்டினவனும் அவன்தான். பெரிய புராணத்துல வர்ற காடவர் கோமான் இவன்தான்னு சொல்லுவாங்க. குடமுழுக்குக்கு முந்தின ராத்திரி சிவன் கனவுல வந்து, ‘நாளைக்கு நின்றவூர்ல பூசலார் கட்டின கோயிலுக்குப் போறேன், உன் நாளைத் தள்ளி வை’ன்னாரு. ராஜா அந்த ஊருக்கே போயி விசாரிச்சான். அப்படி ஒரு கோயிலே இல்லைன்னாங்க. பூசலாரைத் தேடிப் போயிக் கேட்டா, அந்த ஏழை கல்லு மண்ணு இல்லாம மனசுக்குள்ளேயே கட்டி, அதே நாளைக் குறிச்சு வெச்சிருந்தாரு.

என் பெரிய மவன் கறுப்புச் சட்டைக்காரன். விடுவானா? ‘சேக்கிழார் எழுதினது 12-ம் நூற்றாண்டுல, ராஜா செத்து நானூறு வருசம் கழிச்சு. ராஜா காலத்துக் கல்வெட்டுல பூசலாரும் இல்ல, கனவும் இல்ல’ம்பான். நெசந்தான். ஆனா காஞ்சிக் கோயில்ல ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கு. அந்தக் காலத்து ராஜாக்கள் அசரீரி கேட்டதுல என்ன அதிசயம், கலியுகத்துல இவனும் கேட்டானேன்னு மெச்சுது. உன் அத்தை சும்மா இருப்பாளா? ‘பாத்தியா, அந்தக் குரல்தான்டா கனவு’ங்கறா. ரெண்டு பேருக்கும் ஒரே கல்லு சாட்சி. எனக்கு ராத்திரி சோறு ஆறிப்போவுது.

நான் கவனிச்சது வேற, மாப்ள. கல்வெட்டு ராஜா வெட்டி வெச்சது, அதுல குரல் அவனுக்குப் பெருமை சேக்குது. சேக்கிழார் கதையில சாமி ராஜாவோட நாளையே தள்ளிப்போடச் சொல்லுது, ராஜா ஒரு ஏழை கால்ல விழுறான். கண்டவனுக்கே எதிரா வர்ற கனவுன்னா நான் கொஞ்சம் காது குடுப்பேன். அதுக்காக நடந்துச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். அந்த ராஜாகூட தச்சனைக் கூப்பிடல, மொதல்ல போயி விசாரிச்சான். நீ வரும்போதே ரசீது புஸ்தகம் அடிச்சுட்டு வந்திருக்கியே!

பொது இடத்துல புதுசா கோயில் கட்டக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2009-லயே சொல்லியாச்சு. தாசில்தார் கனவுல அம்மன் வரலையே, பாவம். அடுத்த வாட்டி வந்தா சர்வே நம்பரைக் கேட்டு வை. ஆமா, உண்டியல மட்டும் கடை வாசல் பக்கம் வைக்கச் சொன்னாளாமே, அதை எந்தச் சாமத்துல சொன்னா?