வருந்துகிறோம் சரி, பணம் எங்கே?

ஆன்லைனில் வாங்கிய குக்கரைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பணத்துக்காகக் காத்திருப்பவருக்கு, ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய ஒரு பதில் வருகிறது: ‘தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம். துரதிர்ஷ்டவசமாகத் தாமதம் ஏற்பட்டுள்ளது. தங்களது தொகை திரும்பப் பெறப்பட்டு, 5-7 வணிக நாட்களில் மூலக் கணக்கில் வரவு வைக்கப்படும். தங்கள் பொறுமைக்கு நன்றி.’ இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘தொகை திரும்பப் பெறப்பட்டது’ என்றால், கொடுத்ததையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் வாடிக்கையாளர் பதறுவார். ‘மூலக் கணக்கு’ வங்கியில் காட்ட வேண்டியதா, டாக்டரிடம் காட்ட வேண்டியதா என்ற குழப்பம் வேறு. பொறுமைக்கு நன்றி சொல்கிறார்களே, அவர் பொறுமையாக இருப்பதாக யார் சொன்னது?

இவையெல்லாம் ஒரு நல்ல பிழைதிருத்துநர் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடக்கூடியவை. அவருக்கும் எட்டாத கோளாறு ஒன்று இருக்கிறது: அந்தக் கடிதத்தில் யாருமே எதையும் செய்யவில்லை. அசௌகரியம் ஏற்பட்டது, தாமதம் ஏற்பட்டது, தொகை பெறப்பட்டது, வரவு வைக்கப்படும். ஆங்கிலத்தில் இந்த நடை பணிவாகக் காதில் விழும். தமிழிலோ, மின்வாரியம் ஒட்டிய அறிவிப்பு மாதிரி, கேட்க ஆளில்லாத பேச்சாகிவிடும். பழியைத் துரதிர்ஷ்டத்தின் தலையில் போட்டுவிட்டால் வாடிக்கையாளர் யாரிடம் போய் நியாயம் கேட்பது, சனீஸ்வரனிடமா? ஆகவே என் கட்சி இது: தமிழில் மன்னிப்பின் பலம் வருத்தச் சொற்களின் எண்ணிக்கையில் இல்லை, யார், எதை, எந்தத் தேதியில் செய்தார்கள் என்பதில் இருக்கிறது.

அதை எழுத வேண்டுமானால் மொழிபெயர்ப்பவர் அகராதியை மூடிவிட்டு, பணம் இப்போது எங்கே நிற்கிறது என்று விசாரிக்க வேண்டும். கார்டில் கட்டிய பணம் கடையிலிருந்து நேராக வாடிக்கையாளரிடம் வருவதில்லை. கடை அனுப்பச் சொன்னதும், பேமென்ட் கேட்வே, கடைக்காரரின் வங்கி, கார்டு நிறுவனம் ஆகியவற்றைத் தாண்டி, கடைசியில் வாடிக்கையாளரின் வங்கிக்கு வருகிறது. வழியில் அதற்கு ஏ.ஆர்.என். என்று 23 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அந்த எண்ணைக் கொடுத்தால் வாடிக்கையாளரின் வங்கி பணத்தைத் தேடிப் பார்க்கலாம். 12-ஆம் தேதி வியாழனன்று 1,849 ரூபாயை அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். 14 இரண்டாவது சனி, 15 ஞாயிறு, இரண்டு நாளும் வங்கி விடுமுறை. ஏழாவது வேலை நாள் 21-ஆம் தேதி. ‘5-7 வணிக நாட்கள்’ என்று எழுதி இந்தக் கணக்கை வாடிக்கையாளரை விரல் விட்டு எண்ணச் சொல்வதைவிட நாமே எண்ணிவிடலாம். இப்போது கடிதம் இப்படி வரும்: ‘நீங்கள் அனுப்பிய குக்கரைச் சரிபார்க்க நாங்கள் நான்கு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டோம். மன்னிக்கவும். உங்கள் 1,849 ரூபாயை 12-ஆம் தேதி உங்கள் கார்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம். உங்கள் வங்கி அதை வரவு வைக்க ஏழு வேலை நாள் வரை, அதாவது 21-ஆம் தேதி வரை ஆகலாம். அதற்குள் வராவிட்டால், கீழே உள்ள ஏ.ஆர்.என். எண்ணை வங்கியில் காட்டுங்கள், எங்களுக்கும் எழுதுங்கள்.’ மன்னிப்பு ஒரே ஒரு தடவைதான், ஆனால் எதற்கு என்று தெரிகிறது.

‘தாங்கள்’, ‘தாழ்மையுடன்’ எல்லாம் போனால் மரியாதை போய்விடாதா என்பார்கள். ‘நீங்கள்’ என்பதிலும் ‘எழுதுங்கள்’ என்பதிலும் தேவையான மரியாதை இருக்கிறது. அதற்கு மேல் போனால் கல்யாணப் பத்திரிகை ஆகிவிடும். நிறுவனத்தின் வக்கீல் எழுப்பும் ஆட்சேபம் இதைவிடக் கனமானது: தவறை ஒப்புக்கொண்டால் வழக்கில் மாட்டிக்கொள்வோமே! நியாயமான பயம். ஆனால் மேலே உள்ள கடிதம் நான்கு நாளை மட்டுமே ஒப்புக்கொள்கிறது. அது வாடிக்கையாளருக்கு ஏற்கெனவே தெரிந்த நான்கு நாள். வங்கி எடுக்கும் நாட்களுக்கு அது பொறுப்பேற்கவில்லை, ‘ஆகலாம்’ என்று நிறுத்திக்கொள்கிறது. பொத்தாம்பொதுவாக ‘அனைத்துச் சிரமங்களுக்கும் வருந்துகிறோம்’ என்று எழுதுகிறவர்தான் உலகத்துச் சிரமங்களையெல்லாம் தன் கணக்கில் ஏற்றிக்கொள்கிறார்.

ஆங்கில மூலத்தில் தேதியும் இல்லை, எண்ணும் இல்லை, மொழிபெயர்ப்பவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். இல்லாததைக் கற்பனை செய்யக் கூடாது. எழுதியவரிடம் திருப்பிக் கேட்க வேண்டும். அங்கே பதில் இல்லையென்றால் குறை மொழிபெயர்ப்பில் இல்லை, பணம் இன்னும் கிளம்பவே இல்லை என்று அர்த்தம். 21-ஆம் தேதியும் தாண்டிப்போய் இரண்டாவது கடிதம் எழுத நேர்ந்தால், ‘மிகவும்’, ‘ஆழ்ந்த’ என்று வருத்தத்தை ஏற்றத் தோன்றும். அதில் கூட்ட வேண்டியது வருத்தத்தை அல்ல, விவரத்தை: யாரிடம் பேசினோம், என்ன சொன்னார்கள், அடுத்த தேதி எது.