அடியா, அடைக்கலமா?

கேள்வி: கதிர்காமத் திருப்புகழுக்குப் பொருள் எழுதும்போது ஒவ்வொரு வடசொல்லின் அருகிலும் 'வடசொல்' என்று குறிக்க வேண்டுமா? – வாசகர், பூனாகலை

பதில்: வேண்டியதில்லை, அருணகிரிநாதரிடம் அப்படிக் குறிக்கத் தொடங்கினால், பாட்டை விடக் குறிப்பே நீண்டுவிடும். வட எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்திய வடசொல் செய்யுளுக்கு உரியதே என்று தொல்காப்பியம் இசைவளித்திருப்பதால், 'கமலம்', 'தீபம்' போன்று படிப்பவருக்குத் தாமே விளங்கும் சொற்களை அப்படியே விட்டுவிடலாம். மூலத்தை அறியாவிட்டால் பொருள் மாறிப்போகும் இடத்தில்தான் குறிப்பு கட்டாயமாகிறது.

'சரணம்' என்ற சொல் இதற்குத் தக்க சான்று. வடமொழியில் வல்லோசைச் சகரத்தில் தொடங்கும் 'சரண' என்பது அடியையும், மெல்லோசைச் சகரத்தில் தொடங்கும் 'ஶரண' என்பது அடைக்கலத்தையும் குறிக்க, தமிழ் எழுத்து இரண்டையும் ஒரே உருவில் நிறுத்துகிறது. அருகே தாமரை உவமையோ 'பணிதல்' என்ற வினையோ வந்தால் அடி என்றும், 'புகுதல்' வந்தால் அடைக்கலம் என்றும் கொள்ளலாம்; 'அடைதல்' வந்தால் இரண்டுமே பொருந்தக்கூடும் என்பதால், அங்கே ஒன்றை மட்டும் எழுதுவது பாட்டைக் குறைப்பதாகும்.

குறிப்பு எழுதும் இடத்திலும், ஒரு சொல் வடமொழிச் சொல்லோடு ஒலி ஒத்திருப்பது மட்டும் அது அங்கிருந்து வந்த கடன்சொல் என்பதற்குச் சான்றாகாது. 'நீர்', 'மீன்' ஆகியவை வடமொழியிலும் வழங்குகின்றன. ஆனால் அவை திராவிடத்திலிருந்து அங்கே சென்றவை என்பதே மொழியியலாளர் பலரின் முடிவு. ஆகவே, மூலம் உறுதிப்படாத சொல்லுக்குப் பொருளை மட்டும் எழுதி நிறுத்துக.